ரோசேசியா: ஜெல் பலிக்கவில்லை, 40 மி.கி. டாக்சிசைக்ளினுக்கு மாறட்டுமா?

செண்பகம் | 12 ஜனவரி, இரவு 9:40

ஆறு வாரம் மெட்ரோனிடசோல் ஜெல் (0.75%) போட்டாகிவிட்டது. டிசம்பர் 1 அன்று கண்ணாடி முன் நின்று எண்ணினேன்: கன்னம் இரண்டும், மூக்கும், நாடியும் சேர்த்து 26 பருக்கள். இன்று 21. ஆறு வாரத்துக்கு ஐந்து பரு.

டாக்டரிடம் சொன்னேன். டாக்சிசைக்ளின் 40 மி.கி. எழுதிக் கொடுத்தார், தினம் காலையில் ஒன்று. ஜெல்லையும் விடாதீர்கள் என்றார். வேலை செய்யாத மருந்தை எதற்குக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஜெல் எனக்குச் சரிப்படாது, மாத்திரைதான் வழி என்றுதான் தோன்றுகிறது.

மாத்திரை சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு குறையும்? எத்தனை வாரத்தில்? எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்?

வைகறை | 12 ஜனவரி, இரவு 10:15

டாக்சிசைக்ளின் ஆன்டிபயாடிக். எந்த ஆன்டிபயாடிக்கும் ஏழு நாள், மிஞ்சினால் பத்து நாள்தான். மாதக்கணக்கில் சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். 40 மி.கி. என்பது ரொம்பக் குறைந்த அளவு வேறு, அது இன்னும் மோசம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 100 மி.கி. பத்து நாள் முழுமூச்சாகச் சாப்பிட்டு முடித்துவிடுவேன்.

நிலாமுற்றம் | 12 ஜனவரி, இரவு 10:52

மெட்ரோனிடசோல் எனக்கு வயிற்றுக்கோளாறுக்குக் கொடுத்தார்கள். வாயெல்லாம் இரும்புச் சுவை, சாப்பாடு இறங்கவில்லை. அஞ்சு நாளில் வயிறு சரியாகிவிட்டது. ஆறு வாரமா சாப்பிடுகிறீர்கள்? உடனே நிறுத்துங்கள் அக்கா.

செண்பகம் | 12 ஜனவரி, இரவு 11:05

நிலாமுற்றம், நான் சொல்வது முகத்தில் பூசும் ஜெல்லைப் பற்றி. மாத்திரை இல்லை.

மாத்திரைப்பெட்டி | 13 ஜனவரி, காலை 6:30

தோல் மருத்துவமனையை ஒட்டிய மருந்துக்கடையில் பதினாலு வருடமாக நிற்கிறேன். ரோசேசியா சீட்டு வாரத்துக்கு ரெண்டு மூணு வரும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வைகறை சொன்னதில் பாதி சரி. 100 மி.கி.யை மாதக்கணக்கில் கொடுத்தால் கிருமிகள் பழகிப்போகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் இந்த 40 மி.கி. கேப்சூல் கிருமியைக் கொல்வதற்காகச் செய்ததே இல்லை. உள்ளே 30 மி.கி. உடனே கரையும், மிச்சம் 10 மி.கி. மெதுவாகக் கரையும். ரத்தத்தில் மருந்தின் அளவு கிருமியைத் தொடும் கோட்டுக்குக் கீழேயே நிற்கட்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. 2006-இல் அமெரிக்காவில் ரோசேசியாவுக்கென்றே அனுமதி கிடைத்த மருந்து இது.

அப்படியானால் என்ன வேலை செய்கிறது? ரோசேசியா உள்ளவர்களின் தோலில் தற்காப்புக்கான ஒரு புரதம் அளவுக்கு மீறி, தப்பான வடிவில் வெட்டப்பட்டு அலைகிறது. அதுதான் பருவையும் வீக்கத்தையும் கிளப்புகிறது. அந்த வெட்டும் வேலையைத் தூண்டிவிடும் நொதிகளை டாக்சிசைக்ளின் அடக்குகிறது. நெருப்பைத் தணிக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் முடிகிற காரியம் இல்லை.

100 மி.கி. எடுத்தால் சீக்கிரம் தீருமா என்று அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். 40-ஐயும் 100-ஐயும், இரண்டு பக்கமும் மெட்ரோனிடசோல் ஜெல்லோடு சேர்த்து, 16 வாரம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பரு குறைந்ததில் வித்தியாசம் இல்லை. குமட்டலும் வயிற்றுக் கோளாறும் 100 சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம்.

இப்போது செண்பகம் அக்காவுக்கு ஒரு கேள்வி. ஜெல்லை எப்படிப் போடுகிறீர்கள்? ஒரு நாளில் எத்தனை தடவை, எங்கெங்கே, முகம் எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். பல பேருக்கு அங்கேதான் சிக்கல் இருக்கும்.

துரை61 | 13 ஜனவரி, காலை 11:20

என் கதையும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் எனக்கு முகத்தைவிடக் கண்தான் தொந்தரவு. மூன்று வருடமாகக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், இமை ஓரம் சிவந்து பொருக்குத் தட்டும். கண் உலர்ந்திருக்கிறது என்று சொட்டுமருந்து போட்டுக்கொண்டே இருந்தேன். மூக்கில் பரு வந்த பிறகுதான் ஒரு டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ரோசேசியா என்றார். ஜெல்லைக் கண்ணுக்குள் போட முடியாது, இமைப் பக்கமே கொண்டு போகாதீர்கள் என்றார். டாக்சிசைக்ளின் கொடுத்தார். முகத்துக்கு முன்னால் கண் தெளிந்தது. எனக்கு ஜெல்லா மாத்திரையா என்ற கேள்வியே எழவில்லை.

செண்பகம் | 14 ஜனவரி, காலை 7:10

எப்படிப் போடுகிறேன் என்று கேட்டதால் எழுதுகிறேன். ராத்திரி முகம் கழுவி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஜெல்லைத் தொட்டு ஒவ்வொரு பருவின் மேலும் ஒரு புள்ளி. காலையில் போட நேரம் கிடைப்பதில்லை. முகம் கழுவுவது நுரை வருகிற, பருவுக்கென்று விற்கிற ஃபேஸ்வாஷ். கழுவியதும் தோல் இழுத்துக்கொள்ளும். அது நல்லது என்று நினைத்திருந்தேன்.

என் தோல் மாநிறம். சிவப்பு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, கன்னத்தில் கை வைத்தால் சூடு தெரியும், கொஞ்சம் கறுத்த மாதிரி இருக்கும். அதனால் முதல் ஒரு வருடம் முகப்பரு என்றே வைத்தியம் பார்த்தேன். அந்த ஃபேஸ்வாஷ் அப்போது வாங்கியது.

துரை சார், எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதிய பிறகு ராத்திரி இரண்டு தடவை இமையைக் கண்ணாடியில் பார்த்தேன்.

மாத்திரைப்பெட்டி | 14 ஜனவரி, காலை 8:45

அக்கா, நீங்கள் ஆறு வாரம் ஜெல்லைச் சோதித்துப் பார்க்கவில்லை. கால்வாசி ஜெல்லைச் சோதித்திருக்கிறீர்கள்.

0.75% என்றால் காலையும் இரவும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஒரே தடவை போதும் என்பது 1% ஜெல்லுக்கு. பருவின் மேல் புள்ளி வைப்பதும் தவறு. இன்றைக்குப் பரு இருக்கிற இடத்தில் நாளைக்கு இருக்காது, பக்கத்தில் கிளம்பும். பரு வரும் பகுதி முழுவதும், அதாவது இரண்டு கன்னம், மூக்கு, நாடி, நெற்றி நடு எல்லாம் மெல்லிசாகத் தடவ வேண்டும். முழு முகத்துக்கும் பட்டாணி அளவு ஜெல் போதும். கண்ணைச் சுற்றி வேண்டாம், தண்ணீராய்க் கொட்டும்.

அந்த நுரை ஃபேஸ்வாஷை இன்றைக்கே ஒதுக்குங்கள். இழுத்துப் பிடிக்கிற தோலில் ஜெல் எரியும், எரிந்தால் நீங்கள் குறைத்துப் போடுவீர்கள். நுரைக்காத, வாசனை இல்லாத ஒன்றால் கழுவி, முகம் முழுக்கக் காய்ந்த பிறகு ஜெல், கொஞ்ச நேரம் கழித்து மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்க்ரீன். டாக்சிசைக்ளின் சாப்பிட்டால் வெயில் இன்னும் சுருக்கென்று பிடிக்கும்.

மாத்திரையை ஆரம்பிப்பதா, ஜெல்லை மட்டும் ஒழுங்காகப் போட்டு இன்னும் ஆறு வாரம் பார்ப்பதா என்பதை டாக்டரிடம் இந்த விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். பஞ்சுக்குச்சி விஷயம் அவருக்குத் தெரிந்திருக்காது.

வைகறை | 14 ஜனவரி, மதியம் 1:30

40-க்கும் 100-க்கும் பலன் ஒன்றுதான் என்பது எனக்குப் புதுச் செய்தி. கிருமிக்கான மருந்து என்றால் அளவு கூடக்கூட வேகம் கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து நாள் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது. 40 கிடைக்காத இடத்தில் 100 கேப்சூலைப் பிரித்துப் பாதியாக்கிச் சாப்பிட்டால் அதே கணக்குத்தானே?

மாத்திரைப்பெட்டி | 14 ஜனவரி, மதியம் 2:05

இல்லை. 50 மி.கி. மொத்தமாக ஒரே நேரத்தில் கரைந்தால் ரத்தத்தில் ஏறும் உச்சம் வேறு, கிருமியைத் தொடுகிற கோட்டைத் தாண்டலாம். கேப்சூலைப் பிரித்துத் தூளை விழுங்கினால் தொண்டையும் புண்ணாகும். 40 கிடைக்காவிட்டால் 20 மி.கி.யை இரண்டு வேளையாகக் கொடுக்கும் டாக்டர்கள் உண்டு, ஈறு நோய்க்கென்று வந்த அளவு அது. 50 அல்லது 100 கொடுப்பவர்களும் உண்டு, அது ஆன்டிபயாடிக் அளவு என்று தெரிந்தே கொடுக்கிறார்கள், சீக்கிரம் நிறுத்தப் பார்க்கிறார்கள். நாமாக வீட்டில் பிரித்துக்கொள்வது இந்த இரண்டிலும் சேராது.

செண்பகம் | 15 ஜனவரி

டாக்டரிடம் போனில் சொன்னேன். பருக்கள் கொஞ்சம் கெட்டியாகவும் வலியோடும் இருப்பதால் மாத்திரையும் இன்றே ஆரம்பிக்கலாம், ஜெல்லைச் சரியாகப் போடுங்கள் என்றார். கர்ப்பமாக இருக்கிறீர்களா, அப்படி ஏதும் எண்ணம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டார். இல்லை. முதல் கேப்சூல் போட்டாகிவிட்டது.

செண்பகம் | 24 ஜனவரி

யாராவது இந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் மறந்துபோய், ராத்திரி படுக்கப் போகும்போது ஞாபகம் வந்து, ஒரு வாய் தண்ணீரில் கேப்சூலை விழுங்கிவிட்டுப் படுத்தேன். நடு ராத்திரியில் நெஞ்சுக்கு நடுவில் கங்கு வைத்த மாதிரி எரிச்சல். மூன்று நாள் எச்சில் விழுங்கினால்கூட வலித்தது. டாக்டர் சொன்னார், கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்திருக்கிறது என்று. முழு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். ராத்திரி மறந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் காலையில் வழக்கம்போல் ஒன்று.

இரண்டாவது விஷயத்தையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் காலையில் கால்சியம் மாத்திரையும் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தேன். கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் அசிடிட்டி மருந்தும் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளுமாம், உடம்பில் ஏறாது. அப்படியானால் முதல் ஒன்பது நாளில் பாதியாவது வீண். இப்போது கேப்சூல் காலையில் வெறும் வயிற்றில், சாப்பாடு ஒரு மணி நேரம் கழித்து, கால்சியம் ராத்திரி.

பூவரசு | 2 பிப்ரவரி

நானும் ஒரு கேள்வி கேட்கலாமா. எனக்குப் பரு இல்லை, ரெண்டு கன்னமும் எப்போதும் சிவந்தே இருக்கும், அடுப்புப் பக்கம் போனால் நெருப்பாய் எரியும். ஒரு வருடமாக மெட்ரோனிடசோல் ஜெல் காலையும் இரவும் விடாமல் போடுகிறேன். இம்மியும் மாறவில்லை. மாத்திரைக்கு மாறினால் சிவப்பு போகுமா?

மாத்திரைப்பெட்டி | 2 பிப்ரவரி

போகும் என்று என்னால் சொல்ல முடியாது. ஜெல்லும் சரி, டாக்சிசைக்ளினும் சரி, பருவுக்கும் கொப்புளத்துக்கும்தான். பருவைச் சுற்றி இருக்கும் வீக்கச் சிவப்பு பருவோடு சேர்ந்து குறையும். நிரந்தரமாக விரிந்துபோன ரத்தக்குழாய்களால் வரும் சிவப்பை இரண்டுமே பெரிதாகத் தொடுவதில்லை. அதற்கு வழி வேறு. ரத்தக்குழாயைச் சில மணி நேரம் சுருக்கிவைக்கும் பிரிமோனிடின் ஜெல், ஆக்சிமெட்டாசோலின் க்ரீம் இருக்கின்றன, அப்புறம் லேசர். பிரிமோனிடினில் சிலருக்கு மருந்து இறங்கிய பிறகு முன்பைவிட அதிகமாகச் சிவக்கும், அதையும் கேட்டுக்கொண்டே ஆரம்பியுங்கள். ஒரு வருடம் ஜெல் போட்டும் பலன் இல்லை என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை, பரு இல்லாத முகத்துக்குப் பருவுக்கான மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு முன் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

பூவரசு | 3 பிப்ரவரி

போட்டிருக்கிறேன். நிறம் வர என்று ஒரு க்ரீம், எட்டு மாதம். நிறுத்தியதும்தான் இந்த எரிச்சலே ஆரம்பித்தது.

மாத்திரைப்பெட்டி | 3 பிப்ரவரி

அப்படியென்றால் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டால் வந்ததும் ரோசேசியா மாதிரியே தெரியும், ஆனால் அது தணியும் விதமும் காலமும் வேறு. இங்கே எழுதி முடிகிற விஷயம் இல்லை.

செண்பகம் | 12 பிப்ரவரி

நாலு வாரம். 11.

நான் எண்ணும் விதம்: காலையில், முகம் கழுவுவதற்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே கண்ணாடி. குளித்துவிட்டு எண்ணினால் எல்லாமே சிவந்து தெரியும், ராத்திரி விளக்கில் பாதி தெரியாது. கண்ணால் பார்த்த பிறகு மோதிர விரல் நுனியால் கன்னத்தை மெதுவாகத் தடவிப் பார்ப்பேன். மாநிறத் தோலில் சின்னப் பரு கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. நடுவில் சீழ் தெரிந்தால் பக்கத்தில் ஒரு சுழி. பழைய பருவின் கறுத்த தழும்பை எண்ணுவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது, டிசம்பர் கணக்கில் நாலைந்து தழும்பு கலந்திருக்கலாம்.

வைகறை | 12 பிப்ரவரி

21-இலிருந்து 11. மாத்திரை ஜெயித்துவிட்டது என்று சொல்லலாமா?

செண்பகம் | 12 பிப்ரவரி

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், சொல்ல முடியவில்லை. ஒரே நாளில் மூன்று விஷயத்தை மாற்றினேன். மாத்திரை சேர்ந்தது, ஜெல் முழு அளவுக்கு வந்தது, நுரை ஃபேஸ்வாஷ் போனது. ஜனவரி 12 அன்று ஜெல் பலிக்கவில்லை என்று எழுதியதை இப்போது படித்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி | 13 பிப்ரவரி

மாத்திரையின் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ள, வெற்று கேப்சூலோடு ஒப்பிட்ட இரண்டு பெரிய சோதனைகள் இருக்கின்றன, இரண்டும் 16 வாரம். ஒன்றில் 40 மி.கி. சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 12 பருக்கள் குறைந்தன, வெற்று கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கு 6. இன்னொன்றில் ஒன்பதரை, எதிரே நாலு சொச்சம். வெற்று கேப்சூலிலேயே இவ்வளவு குறைவதைக் கவனியுங்கள். ரோசேசியா தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் எல்லோரும் டாக்டரிடம் ஓடுகிறோம், அதனால் அடுத்த மாதம் கொஞ்சம் இறங்கியே தீரும்.

ஜெல் மட்டும் போட்டவர்களையும், ஜெல்லோடு 40 மி.கி. சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். சேர்த்து எடுத்தவர்களுக்கு நாலாவது வாரத்திலேயே முன்னேற்றம் தெரிந்தது. 12-ஆவது வாரம் ஜெல்லை நிறுத்தி மாத்திரையை மட்டும் 16 வரை கொடுத்தபோதும் பலன் தங்கியது. எனவே அந்த 10 பருவில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

துரை61 | 20 பிப்ரவரி

நான் இரண்டு வருடமாக விட்டு விட்டுச் சாப்பிடுகிறேன். நிறுத்தினால் ஆறு வாரத்தில் கண் உறுத்த ஆரம்பிக்கிறது. முகம் தேவலை. என் மாதிரி ஆட்கள் எத்தனை நாள் சாப்பிடலாம்?

மாத்திரைப்பெட்டி | 20 பிப்ரவரி

சார், அந்தக் கேப்சூலின் தாளிலேயே 16 வாரத்துக்கு மேல் பலனும் 9 மாதத்துக்கு மேல் பாதுகாப்பும் நிரூபிக்கப்படவில்லை என்று போட்டிருக்கிறது. ஆபத்து என்று அதற்கு அர்த்தம் இல்லை, அதற்கு மேல் பார்த்து எழுதவில்லை என்று அர்த்தம். கண்ணுக்காகத் திரும்பத் திரும்பக் கொடுப்பது உண்டு. ஆனால் கண் டாக்டர் கருவிழியைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? இமைக்கு தினமும் வெந்நீர் ஒத்தடமும் ஓரம் துடைப்பதும் நடக்கிறதா?

துரை61 | 21 பிப்ரவரி

ஒத்தடம் விட்டுப்போய் ஒரு வருடம் ஆகிறது. கண் டாக்டரிடமும் போகவில்லை. இந்த வாரம் போகிறேன்.

செண்பகம் | 12 மார்ச்

எட்டு வாரம். 6. சீழ் ஒன்றிலும் இல்லை.

செண்பகம் | 9 ஏப்ரல்

பன்னிரண்டு வாரம். 4. போன தடவையைவிட இரண்டுதான் குறைவு. முதல் மாதத்து வேகத்தை எதிர்பார்த்துக் கொஞ்சம் ஏமாந்தேன். கன்னத்துச் சூடு பாதி குறைந்திருக்கிறது. மூக்கோரத்து மெல்லிய சிவப்புக் கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன. பூவரசுக்கு எழுதிய பதிலை மறுபடி போய்ப் படித்தேன்.

மாத்திரையை இப்போதே நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. டாக்டர் 16 முடியட்டும் என்கிறார்.

வைகறை | 9 ஏப்ரல்

நிறுத்தும்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று படிப்படியாகக் குறைக்க வேண்டாமா? என் மாமாவுக்கு ஸ்டீராய்டை அப்படித்தான் குறைத்தார்கள்.

மாத்திரைப்பெட்டி | 10 ஏப்ரல்

ஸ்டீராய்டை அப்படிக் குறைப்பது உடம்பு தன் சொந்த ஹார்மோனைத் திரும்பச் சுரக்க நேரம் வேண்டும் என்பதால். டாக்சிசைக்ளினில் அந்தப் பிரச்சினை இல்லை, ஒரே நாளில் நிறுத்தலாம். சில டாக்டர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து மெதுவாக இறக்குவார்கள். தப்பில்லை, அவசியம் என்றும் இல்லை. மாத்திரை போன பிறகு கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

செண்பகம் | 7 மே

பதினாறு வாரம். 3. கடைசிக் கேப்சூல் இன்று. ஜெல் காலையும் இரவும் தொடர்கிறது, ஆறு மாதத்துக்கு.

முகம் தெளிந்த பிறகு எதற்கு ஆறு மாதம் என்று டாக்டரிடம் கேட்டேன். மாத்திரையும் ஜெல்லும் போட்டுத் தெளிந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மெட்ரோனிடசோல் ஜெல்லும் மறுபக்கம் மருந்தில்லாத ஜெல்லும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்களாம். மருந்து ஜெல்லில் 23% பேருக்குத் திரும்பியது, வெறும் ஜெல்லில் 42% பேருக்கு. நூற்றுக்கு நூறு தடுக்காது, ஆனால் திரும்புகிறவர்கள் கிட்டத்தட்ட பாதியாகிறார்கள் என்றார். ஜனவரியில் ஜெல்லை விடாதீர்கள் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது புரிகிறது. இந்த மாதங்களை நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார், ஜனவரியை நினைத்து மட்டும் இல்லை.

செண்பகம் | 9 ஜூலை

ஒன்பது வாரம் கழித்து: 7. நாடியில் மட்டும் நாலு, அதில் இரண்டில் சீழ். மனசு உடைந்துபோனது. டிராயரில் பழைய கேப்சூல் எட்டு மிச்சம் இருக்கிறது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாத்திரைப்பெட்டி | 9 ஜூலை

அக்கா, அதைத் திரும்ப உள்ளே வையுங்கள். எட்டு கேப்சூலால் ஒன்றும் ஆகாது. 7 என்பது 26 இல்லை. கடந்த ஒரு மாதத்தில் என்ன மாறியது என்று உண்மையாக எழுதுங்கள்.

செண்பகம் | 10 ஜூலை

காலை ஜெல்லை ஜூன் முதல் வாரத்திலிருந்து விட்டிருக்கிறேன். முகம் நன்றாக இருந்தது, சன்ஸ்க்ரீனுக்குக் கீழே ஜெல் திரிதிரியாகச் சுருண்டு வந்தது, அதனால். இன்னொன்று, நாடிக்கு ஜெல் சரியாகப் போவதே இல்லை. கன்னத்தில் தடவி முடிக்கும்போது விரலில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாலும் அங்கேதான் வந்திருக்கின்றன.

மாத்திரைப்பெட்டி | 10 ஜூலை

திரிதிரியாக வந்தால் ஜெல் காய்வதற்கு முன் அடுத்ததைத் தடவுகிறீர்கள் என்று அர்த்தம். பத்து நிமிடம் விடுங்கள், சன்ஸ்க்ரீனைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நாடியிலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். ஆறு வாரம் பாருங்கள். அதற்குள் 12, 15 என்று ஏறினாலோ, கண்ணில் உறுத்தல் வந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள், இன்னொரு சுற்று மாத்திரை கொடுப்பார்.

செண்பகம் | 21 ஆகஸ்ட்

ஆறு வாரம். 4. மாத்திரை இல்லாமல் ஜெல் மட்டும். ஜனவரியில் நடக்காத ஜெல் சோதனை இப்போதுதான் நடந்திருக்கிறது.

துரை61 | 2 செப்டம்பர்

கண் டாக்டரிடம் போய் வந்ததை எழுத மறந்துவிட்டேன். கருவிழியில் சேதம் இல்லை. தினம் இரண்டு வேளை ஒத்தடம், இமை ஓரம் சுத்தம் செய்வது. மாத்திரை இல்லாமல் மூன்று மாதம் ஓடியிருக்கிறது. இடையில் ஒரு வாரம் ஒத்தடம் விட்டபோது உறுத்தியது.

வைகறை | 8 நவம்பர்

செண்பகம் அக்கா, ஆறு மாதம் முடிந்திருக்குமே. ஜெல்லை நிறுத்திவிட்டீர்களா? இப்போது ஐவர்மெக்டின் க்ரீம் வந்த பிறகு மெட்ரோனிடசோல் பழைய மருந்து என்கிறார்கள். அதற்கு மாறினால் நிறுத்தினாலும் திரும்பாது என்று கேள்விப்பட்டேன்.

மாத்திரைப்பெட்டி | 8 நவம்பர்

நல்ல மருந்துதான், திரும்பாது என்பது சரியில்லை. ஐவர்மெக்டின் 1% தினம் ஒரு தடவை, மெட்ரோனிடசோல் 0.75% க்ரீம் இரண்டு தடவை என்று 16 வாரம் ஒப்பிட்டதில் பரு 83 சதவீதமும் 74 சதவீதமும் குறைந்தது. ஐவர்மெக்டின் முன்னால். பிறகு தெளிந்தவர்களுக்கு நிறுத்திவிட்டு 36 வாரம் காத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு, கொஞ்சம் முன்னே பின்னே, திரும்பியது. திரும்பிய காலம் ஐவர்மெக்டினுக்கு 115 நாள், மெட்ரோனிடசோலுக்கு 85 நாள். ஒரு மாதம் கூடுதல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் ஜெல் எரிச்சல் தராதவரை ஆறு மாதத்தோடு நிறுத்த வேண்டியதில்லை. டாக்டர்களே இதில் ஒத்துப்போவதில்லை. நிறுத்திப் பார்த்து, வந்தால் திரும்ப ஆரம்பிக்கலாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

செண்பகம் | 9 நவம்பர்

என் டாக்டர் அந்த இரண்டாவது கட்சி. நிறுத்திப் பாருங்கள் என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஜூலை இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டு பேரும் பேசி, இரவில் மட்டும் ஒரு தடவை என்று வைத்திருக்கிறோம், ஏப்ரல் வரை. அந்த ஆறு மாதச் சோதனையில் கொடுத்த அளவு இது இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். தொடர்ந்து இரண்டு வாரம் எண்ணிக்கை 8-ஐத் தாண்டினால் காலையும் இரவும் என்று ஏற்ற வேண்டும், அப்படியும் ஆறு வாரத்தில் இறங்காவிட்டால் மாத்திரை.

இன்றைய எண்ணிக்கை 3.

பூவரசு | 16 நவம்பர்

நான் அந்தக் க்ரீம் குழாயை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டீராய்டுதான். மெட்ரோனிடசோலை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எரிச்சல் இப்போதுதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சிவப்பு இருக்கிறது. லேசர் பற்றி அடுத்த தடவை பேசுவோம் என்றார்கள். யாராவது செய்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.

செண்பகம் | 28 டிசம்பர்

பூவரசு, லேசருக்குத் தனி இழை ஆரம்பியுங்கள், நானும் வந்து படிக்கிறேன். மூக்கோரத்துக் கோடுகளுக்கு எனக்கும் தேவைப்படும்.

ஏழு வாரமாக இரவு மட்டும் ஜெல். எண்ணிக்கை 3, 5, 4, 4, 6, 4, 4. நாடியில் ஒன்றும் இல்லை.